பழைய பைக் வாங்கப் பத்து ஸ்லைடு: ஆர்.சி.யில் தொடங்கி டெஸ்ட் ரைடு வரை

அக்கா பையனுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்தது. பஸ் நேரம் ஒத்து வரவில்லை, பழைய பைக் ஒன்று போதும், ஐம்பதாயிரத்துக்குள் பார்க்கணும் என்றான். "மாமா, என்னென்ன பார்க்கணும்னு ஒரு லிஸ்ட் அனுப்புங்க" என்று கேட்டான். நான் வாட்ஸ்அப்பில் நீளமாக ஒரு மெசேஜ் தட்டி அனுப்பினேன். மறுநாள் ஒரு வண்டியைப் பார்த்துவிட்டு வந்தவனிடம் செயின் எப்படி இருந்தது என்று கேட்டால், "அவ்வளவு தூரம் படிக்கலை மாமா, அதுக்குள்ள அவர் சாவியக் குடுத்துட்டார், ஒரு ரவுண்டு போனேன், சூப்பரா இருக்கு" என்கிறான். லிஸ்டில் கடைசியில் இருந்ததை முதலில் செய்திருக்கிறான். ஓட்டிப் பார்த்துப் பிடித்துப் போனபின் யாருக்கும் பேப்பரில் குறை தெரியாது.

அதனால்தான் கேரசலாகச் செய்தேன். விரலால் தள்ளினால் ஒவ்வொன்றாக வரும் ஸ்லைடுகள். ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தள்ளக் கூடாது என்பது விதி. ஒவ்வொரு ஸ்லைடிலும் மேலே ஒரு தலைப்பு, நடுவில் இரண்டு மூன்று வேலை, கீழே சிவப்புப் பட்டையில் ஒரே ஒரு வரி: எதைக் கண்டால் அங்கேயே திரும்பி வந்துவிட வேண்டும் என்பது.

முதல் பதிப்பில் பதினாலு ஸ்லைடு. பின்னணி கறுப்பு, எழுத்து வெள்ளை. வீட்டில் பார்க்கப் பிரமாதமாக இருந்தது. பதினொரு மணி வெயிலில் தெருவில் நின்று பார்த்தால் போன் திரை கண்ணாடியாகி என் முகம்தான் தெரிந்தது. வெளிர் மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்தாக மாற்றினேன். அளவு 1080×1350, ஒரு ஸ்லைடில் முப்பது சொல்லுக்கு மேல் இல்லை. "காப்பீடு", "உரிமை மாற்றம்" என்றெல்லாம் எழுதியிருந்ததையும் அடித்துவிட்டு இன்சூரன்ஸ், பேர் மாத்துறது என்று போட்டேன். விற்பவர் பேசும் சொல் ஸ்லைடில் இருந்தால்தான் பையனுக்குச் சட்டென்று பிடிபடும்.

முதல் மூன்று ஸ்லைடுகள் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே முடிக்க வேண்டியவை. அதற்கு வண்டி வேண்டாம், நம்பர் போதும். ஸ்லைடு ஒன்று இப்படித்தான் இருந்தது:

"வண்டி நம்பரை வாங்கு. mParivahan ஆப்பில் போட்டுப் பார். எந்த வருஷம், என்ன மாடல், ஆர்.சி. நிலை ஆக்டிவா? சிவப்பு: நம்பர் தர மாட்டேன் என்றால் போகாதே."

நம்பர் தர மறுப்பவர்களும் இருக்கிறார்கள். "நான் ஆர்மியில இருக்கேன், ட்ரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, வண்டி பார்சல்ல வரும், அட்வான்ஸ் மட்டும் அனுப்புங்க" என்ற கதை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அவனுக்கும் ஒரு போன் வந்தது. முதல் ஸ்லைடிலேயே முடிந்தது.

ஸ்லைடு இரண்டு ஆர்.சி. பெயரும் கடனும். இதில்தான் அவன் முதலில் மயங்கிய அந்த வண்டி விழுந்தது. ஆப்பில் அந்த நம்பரைப் போட்டால் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் அப்படியே நிற்கிறது. விற்பவரைக் கேட்டால், "லோன் எல்லாம் போன வருஷமே முடிஞ்சுதுங்க தம்பி" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். தவணை முடிந்தாலும் ஆர்.சி.யில் இருக்கும் கடன் பதிவு, அதாவது ஹெச்.பி., தானாகப் போகாது. கடன் கொடுத்தவரிடம் என்.ஓ.சி. வாங்கி, அவர் கையெழுத்து போட்ட ஃபார்ம் 35-ஐ ஆர்.டி.ஓ.வில் கொடுத்து எடுக்க வேண்டும். அதை எடுக்காமல் நம் பெயருக்கு மாற்றப் போனால் அங்கே நிற்கும். "ஹெச்.பி. எடுத்துட்டுச் சொல்லுங்கண்ணா, வந்து பார்க்கிறோம்" என்று சொல்லிவிட்டு வந்தோம். அவர் அப்புறம் கூப்பிடவில்லை.

இதே ஸ்லைடில் இன்னொரு வரி உண்டு: ஆர்.சி.யில் இருக்கும் பெயரும் எதிரே நிற்பவரும் ஒரே ஆளா? எங்கள் பக்கம் பழைய வண்டி விற்கும் கன்சல்டிங் கடைகளில் ஆர்.சி. ஒருவர் பெயரில் இருக்கும், வண்டி மூன்று கை மாறியிருக்கும். பேர் மாற்றும் ஃபார்ம்கள் 29, 30 இரண்டும் முதல் உரிமையாளர் கையெழுத்தோடு, தேதி எழுதாமல், கவரில் இருக்கும். அதை நம்பி வாங்குகிறவர்கள் உண்டு. முதல் ஆள் இறந்திருந்தாலோ கையெழுத்து ஒத்து வராவிட்டாலோ நாம்தான் அலைய வேண்டும். விற்கிறவருக்கும் இதில் ஆபத்து இருக்கிறது. ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், விபத்து நஷ்டஈடு அவர் தலையில்தான் விழும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இதை எடுத்துச் சொன்னால் நேரடியாக விற்கும் ஆள் பேர் மாற்ற வேகமாக ஒத்துழைப்பார். நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்லைடு மூன்று இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஃபைன். இங்கிருந்து நாங்கள் கடைசியில் வாங்கிய வண்டியின் கதை. 125 சிசி, 2019 மார்ச் பதிவு, கார்புரேட்டர் வண்டி, மீட்டரில் 31,000 கிலோமீட்டர், கேட்ட விலை 52,000. ஒரே கை, கடன் இல்லை. "அஞ்சு வருஷ இன்சூரன்ஸ் போட்டதுங்க" என்றார் விற்பவர். உண்மைதான். 2018 செப்டம்பர் 1 முதல் புது டூவீலருக்கு ஐந்து வருடத் தேர்ட் பார்ட்டி கட்டாயம். ஆனால் 2019 மார்ச்சில் ஐந்து வருடம் போட்டால் 2024 மார்ச்சில் முடிந்துவிட்டது. நாங்கள் பார்த்தது 2025-ல். ஒரு வருடத்துக்கு மேலாக இன்சூரன்ஸ் இல்லாமலே ஓட்டியிருக்கிறார், அவருக்கே தெரியவில்லை. இந்த ஐந்து வருடக் கணக்கில் நிறைய பேர் இப்படி ஏமாந்திருப்பார்கள். இதற்காக வண்டியை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. 75-லிருந்து 150 சிசி வரை தேர்ட் பார்ட்டி ப்ரீமியம் அப்போது 714 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஆனால் இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை டெஸ்ட் ரைடு என்று மெயின் ரோட்டில் எடுத்துப்போய் யாரையாவது இடித்துவிட்டால் முடிந்தது கதை. அதனால் இந்த ஸ்லைடில் பிறகு ஒரு வரி சேர்த்தேன்: "இன்சூரன்ஸ் இல்லையா? புதுசு போட்ட பிறகே ரோட்டில் ஓட்டு." அவரையே போட வைத்தோம். அன்று மாலையே போட்டுவிட்டார்.

ஃபைன் பார்க்க echallan.parivahan.gov.in. அதில் அப்போது ஒன்றும் இல்லை. இந்த "அப்போது" என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

நேரில் போனபோதுதான் என் வரிசை எவ்வளவு தப்பு என்று தெரிந்தது. நாலாவது ஸ்லைடில் சேஸிஸ் நம்பர், ஐந்து ஆறில் பாடியும் டயரும், எஞ்சின் ஸ்டார்ட் ஏழாவதில் என்று வைத்திருந்தேன். அவன் நம்பரைச் சரிபார்த்து, முன்னால் பின்னால் சுற்றிப் பார்த்து, ஏழாவதுக்கு வருவதற்குள் அரை மணி நேரம். விற்பவர் பாதியில் "எஞ்சின் சத்தத்தக் கேளுங்க தம்பி" என்று செல்ஃபை அமுக்கிவிட்டார். எஞ்சின் நாங்கள் வருவதற்கு முன்பே சூடாக இருந்ததா, குளிர்ந்திருந்ததா? இனி யாரால் சொல்ல முடியும்?

காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் சொல்வதை அப்புறம் நாள் முழுக்கச் சொல்லாது. எத்தனை கிக், சோக் இழுக்க வேண்டியிருக்கிறதா, முதல் புகை என்ன நிறம் என்பதெல்லாம் சூடான எஞ்சினில் மறைந்துவிடும். ஆனால் பேப்பரை முந்தி எஞ்சினைக் கொண்டுவரவும் எனக்கு மனமில்லை. அன்று இரவு யோசித்ததில் ஒன்று தோன்றியது. எஞ்சின் நம்பர் இருப்பது எஞ்சின் மேல்தானே? அதைப் படிக்கக் குனியும்போது கை தானாக அங்கே போகும். ஆகவே நாலாவது ஸ்லைடை இப்படி மாற்றினேன்:

"குனிந்து எஞ்சின் நம்பரைப் படி. படிக்கும்போதே புறங்கையை எஞ்சின் பக்கம் கொண்டு போ. சூடு தெரிகிறதா? சேஸிஸ் நம்பரைப் பென்சிலில் எடு. சிவப்பு: நம்பர் ஆர்.சி.யோடு ஒரு எழுத்து மாறினாலும் கிளம்பு."

புறங்கை என்று எழுதியது காரணத்தோடுதான். சைலன்சர் சுட்டால் கை தானாக விலகும், உள்ளங்கை என்றால் வெந்துவிடும். சூடாக இருந்தால் சண்டை வேண்டாம், நாளைக் காலை ஆறரைக்கு வருகிறோம், அதுவரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வர வேண்டியதுதான்.

சேஸிஸ் நம்பரைப் பென்சிலில் எடுப்பது ஆர்.டி.ஓ. வேலைக்கென்று புரோக்கர்கள் செய்வது. பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டிலை முழுக்க இடப்பக்கம் திருப்பினால், ஹேண்டில் தண்டு நுழையும் குழாயின் வலப்பக்கத்தில் நம்பர் தெரியும். ஸ்கூட்டரில் இடம் மாறும். மெல்லிய காகிதத்தை அதன்மேல் வைத்து, பென்சில் முனையைச் சாய்த்து லேசாகத் தேய்த்தால் நம்பர் வெள்ளையாக எழும்பி வரும். கண்ணுக்குத் தெரியாதது காகிதத்தில் தெரியும். கம்பெனி அடித்த எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் வரும். ஒரு எண் மட்டும் சாய்ந்து, ஆழமாக, சுற்றிலும் கிரைண்டர் கோடு போல வந்தால் சந்தேகப்படலாம். துரு இருந்தால் எழுத்து மங்கலாக வரும், அது தப்பு அல்ல. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு மறுபடி எடுக்கலாம். உப்புத்தாள் மட்டும் போடக் கூடாது. நாமே தேய்த்துவிட்டுப் பிறகு ஆர்.டி.ஓ.வில் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

மறுநாள் காலை ஆறு நாற்பதுக்குப் போனோம். எஞ்சின் பச்சைத் தண்ணீர் போல் குளிர்ந்திருந்தது. அவனைப் பின்னால் நிற்க வைத்தேன், நான் கிக்கர். சோக் இல்லாமல் மூன்று கிக், ஒன்றும் இல்லை. சோக் போட்டு நாலாவதில் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு முறை அணைந்தது, மறுபடி பிடித்து நின்றது. முதல் நாள் சூடாக்கித்தான் வைத்திருந்தார், ஏன் என்றும் புரிந்தது. புகை வெள்ளையாக லேசாக வந்து ஒரு நிமிடத்தில் போய்விட்டது. அது சைலன்சரில் தங்கிய ஈரம், பயமில்லை.

நீலப் புகையைத்தான் தேட வேண்டும். அது ஆயில் எரிகிறது என்று அர்த்தம். அதிலும் இரண்டு வகை உண்டு. ராத்திரி நின்ற வண்டியில் ஸ்டார்ட் ஆனதும் ஒரு குபுக்கு வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வ் சீல், சின்னச் செலவு. ஆக்ஸிலேட்டர் முறுக்கும்போதெல்லாம் விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங், போர் வேலை. ஐம்பதாயிரம் ரூபாய் வண்டியில் அந்த வேலைக்குப் போகக் கூடாது. இந்த ஸ்லைடின் சிவப்புப் பட்டை அதுதான். பின்னால் ஓர் ஆள் கட்டாயம் நிற்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது, முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் புகை தெரியாது.

எஞ்சினில் "டிக் டிக்" என்று சீராக ஒரு சத்தம். பையன் முகம் சுருங்கியது. அது டாப்பெட், வால்வ் இடைவெளியில் வரும் சத்தம். எங்கள் மெக்கானிக் அண்ணன் அடிக்கடி சொல்வார், டாப்பெட் சத்தம் துளியும் இல்லாத வண்டியைப் பார்த்துத்தான் பயப்படணும், ரொம்ப டைட்டாக வைத்து வால்வைக் கருக்கிவிடுவார்கள் என்று. ஆக்ஸிலேட்டரை விடும்போது சலசலவென்று கேட்டால் டைமிங் செயின். கீழே ஆழத்திலிருந்து "டொக் டொக்" என்று, இழுவையில் அதிகமாகக் கேட்டால் கிராங்க். முதலிரண்டும் விலை பேசும் விஷயம், மூன்றாவது வந்தால் கிளம்ப வேண்டியதுதான்.

ஆறாவது ஸ்லைடு விழுந்த வண்டியா என்று பார்ப்பது. கீறல்களை நான் கண்டுகொள்வதில்லை, கீறல் இல்லாத பழைய பைக் ஊரில் கிடையாது. பார்க்க வேண்டியது முன்பக்கம். நாலடி தள்ளி நின்று இரண்டு ஃபோர்க் குழாயும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, அது முட்டி நிற்கும் ஸ்டாப்பர் வளைந்திருக்கிறதா, பெயின்ட் வெடித்திருக்கிறதா என்று பார். நேராக எதிலோ முட்டிய வண்டியில் அது அடையாளம் வைத்திருக்கும். புது மட்கார்டு போடுகிறவர் அதை மாற்ற மாட்டார்.

அப்புறம் கோன் செட், ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங். சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஒருவர் பின்பக்கத்தை அமுக்கினால் முன்சக்கரம் தூக்கும். ஹேண்டிலை இரண்டே விரலால் மெதுவாக இடமிருந்து வலம் கொண்டு போக வேண்டும். எங்கள் வண்டியில் சரியாக நடுவில் வரும்போது விரலில் "டக்" என்று ஒரு தடை தெரிந்தது, ஒரு குழியில் விழுந்து ஏறுவது போல. பால்ரேஸில் குழி விழுந்துவிட்டது என்று அர்த்தம். வருடக்கணக்கில் நேராகவே ஓடி, பள்ளத்தில் அடி வாங்கிய வண்டிகளில் இது சகஜம். ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் இருக்கிறது என்றால் டைட் செய்தால் போதும். நடுவில் தடை என்றால் மாற்றத்தான் வேண்டும். டைட் செய்தால் இன்னும் மோசமாகும். பையனையும் செய்யச் சொன்னேன். அவன் விரலில் அது பட்டபோது முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே. விற்பவரும் வந்து பிடித்துப் பார்த்தார். "இத்தனை நாளா ஓட்டறேன், தெரியலைங்களே" என்றார்.

டயரில் பட்டன் எவ்வளவு மிச்சம் என்பதைவிடத் தேதிதான் பேசும். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். முன்டயரில் 4818, அதாவது 2018-ன் 48-வது வாரம். கம்பெனியில் போட்டுத் தந்தது. பின்டயர் 2022-ல் செய்தது. பின்டயர் ஒருமுறை மாறி, முன்டயர் மாறவில்லை என்பது 31,000 கிலோமீட்டருக்குப் பொருந்துகிறது. மீட்டர் 12,000 காட்டி, மாற்றிய பின்டயரும் பாதி தேய்ந்திருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. கால் வைக்கும் ரப்பரும் பிரேக் பெடலும் அதற்குச் சாட்சி. முன்டயர் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு இருந்தது, ஆறரை வருடம் ஆகிவிட்டதே. மாற்ற வேண்டியதுதான்.

செயினைப் பின் பல்சக்கரத்தின் கடைசி முனையில் பிடித்துப் பின்னால் இழுத்தேன். பாதிப் பல்லுக்கு மேல் வெளியே தெரிந்தது. செட்டாக மாற்ற வேண்டும், செயினை மட்டும் மாற்றினால் பழைய பல் புதுச் செயினைத் தின்றுவிடும்.

எட்டாவது ஸ்லைடு தண்ணீரும் கரண்டும். கோவை வண்டியென்றால் சீக்கிரம் தாண்டலாம். சென்னைப் பதிவு எண்ணோ தூத்துக்குடி, நெல்லைப் பக்கத்து எண்ணோ இருந்தால் நின்று பார்க்கணும், இரண்டு பக்கமும் 2023 டிசம்பரில் மூழ்கியது. ஆயில் ஸ்டிக்கில் பால் காப்பி நிறம், சீட்டைத் தூக்கினால் மூலையில் காய்ந்த வண்டல், ஒயர் கப்ளரைப் பிரித்தால் பச்சைப் பூப்பு. ஆயிலை மாற்றி மறைத்துவிடலாம், கப்ளர் பூப்பை மறைக்க முடியாது.

இத்தனைக்கும் பிறகுதான் சாவி. டெஸ்ட் ரைடு ஸ்லைடில் மூன்றே வேலை. டாப் கியரில் 35-ல் போகும்போது சட்டென்று முறுக்கு. சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது. காலியான நேர்ரோட்டில் நடைவேகத்துக்குக் குறை, ஒரு பக்கமாக இழுக்கிறதா பார். பிரேக்கை முதலில் தனித்தனியாக, பிறகு சேர்த்துப் பிடி. எங்கள் வண்டி மெதுவாகப் போகும்போது லேசாகத் தள்ளாடியது, கோன் செட்டில் தெரிந்த அதே குழி. முதல் நாளே ஓட்டியிருந்தால் அதை "ரோடு சரியில்லை" என்று விட்டிருப்பான். நாலு கிலோமீட்டர் போய் வந்ததும் அணைத்து, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி ஸ்டார்ட். ஒரே அமுக்கில் பிடித்தது. எஞ்சின் அடியில் கார்ட்போர்டு விரித்திருந்தேன், ஒரு சொட்டும் இல்லை.

மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டு விலை கேட்டோம். செயின் செட் 1,600, கோன் செட் கூலியோடு 900, முன்டயர் 1,900, கார்புரேட்டர் கிளீன் 250. மொத்தம் 4,650. அதை அப்படியே ஒரு தாளில் எழுதி விற்பவரிடம் காட்டினோம். கோன் செட்டை அவரே விரலில் உணர்ந்திருந்ததால் பேச்சு நீளவில்லை. 47,000-க்கு முடிந்தது. கார்புரேட்டரைக் கழற்றியபோது ஸ்லோ ஜெட்டில் அழுக்கு, அவ்வளவுதான். காலை ஸ்டார்ட் தொல்லை அதோடு போனது. அதற்காகவா மனிதர் எஞ்சினைச் சூடாக்கி வைத்தார் என்று பாவமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து பேர் மாற்ற ஆன்லைனில் போட்டால் 1,000 ரூபாய் ஃபைன் ஒன்று நிற்கிறது. ஹெல்மெட் போடவில்லை. தேதியைப் பார்த்தால் நாங்கள் வண்டி எடுத்த அதே நாள், காலை 10:40. பையன் அன்று மாலை நாலு மணிக்குத்தான் வண்டியை எடுத்தான். டெலிவரி தாளில் அவனாகவே தேதியோடு நேரத்தையும் எழுதி இரண்டு பேர் கையெழுத்தும் வாங்கியிருந்தான். அதைப் போட்டோ எடுத்து அனுப்பியதும் விற்பவர் அன்றே கட்டிவிட்டார். என் ஸ்லைடுகளில் அது இல்லை. பத்தாவதை அவன் செய்து அனுப்பினான், எழுத்துப் பிழையோடு: "வண்டி கை மாறும் நேரம் எழுது. மணி, நிமிஷம். சிவப்பு: நேரம் எலுதாமல் சாவி வாங்காதே."